ஃப்ரீசருக்கு அடியில் ஓர் அட்டை: கடைக்குள் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

வாசகர் கடிதம்

"என் அம்மாவுக்கு 54 வயது. குடியாத்தத்தில் வீட்டிலேயே பீடி சுற்றி வாரம் 1,600 ரூபாய் போலச் சம்பாதிக்கிறார். பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, வேலூரில் ஒரு பெரிய மளிகைக் கடைக்குள் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் அருகே தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இதுவரை 74,000 ரூபாய் செலவு. நான் எடுத்த போட்டோவில் தண்ணீரும், ஃப்ரீசருக்கு அடியில் ஊறிப்போன ஓர் அட்டையும் தெரிகின்றன. மேலாளரோ, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்ததாகவும், ஃப்ரீசர் ஐஸ்கிரீம் கம்பெனியுடையது என்றும் சொல்கிறார். பலகை பில் போடும் இடத்தில்தான் இருந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் 5,000 ரூபாய் தருகிறார்களாம். நாங்கள் அன்று எதற்கும் பில் போடவில்லை; அம்மாவின் ரப்பர் செருப்பும் தேய்ந்ததுதான். கடைக்குள் விழுந்தால் கடைக்காரர்தானே பொறுப்பு? அல்லது பார்த்து நடக்காதது எங்கள் தவறா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

ஆலோசனை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் சட்டத்தின் பதில் "இல்லை" என்பதுதான். கடைக்குள் ஒருவர் விழுந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தால் கடைக்காரர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. அதேபோல, விழுந்தவர் கீழே பார்க்கவில்லை என்பதால் அவருடைய உரிமை முழுவதும் போய்விடுவதும் இல்லை. இவை இரண்டுக்கும் நடுவில்தான் கவனக்குறைவு குறித்த சட்டம் நிற்கிறது. பிறர் தவறால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்க இடம் தரும் தீங்கியல் சட்டம் நம் நாட்டில் ஒரே நூலாக இயற்றப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகவே வளர்ந்தது. அத்தீர்ப்புகள் வாதியிடம் எதிர்பார்ப்பவை மூன்று: எதிராளிக்கு உங்கள் அம்மாவின் பாதுகாப்பில் கவனம் செலுத்த வேண்டிய கடமை இருந்தது, அந்தக் கடமையில் அவர் தவறினார், அந்தத் தவறால்தான் இந்தக் காயம் ஏற்பட்டது.

முதலாவதையும் மூன்றாவதையும் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களை உள்ளே வரவேற்று வியாபாரம் செய்பவர், அவர்கள் நடக்கும் தரை நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்துவிட்ட விதி. இந்தக் கடமை கடைக்கு வந்தவர் கதவைத் தாண்டி உள்ளே காலடி வைத்ததுமே தொடங்கிவிடுகிறது. பில் போட்டாரா, வெறுமனே விலை பார்க்க வந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே பில் இல்லை என்ற உங்கள் பயம் உரிமையியல் வழக்கைப் பொறுத்தவரை தேவையற்றது. வழுக்கியது அந்தத் தண்ணீரில்தான், முறிந்தது அந்த விழுகையில்தான் என்பதிலும் பெரிய சர்ச்சைக்கு இடமில்லை, மருத்துவமனைப் பதிவில் பிசகு இல்லாத வரையில். அந்தப் பதிவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வழக்கு நிற்பதும் விழுவதும் இரண்டாவதில்தான்.

தண்ணீர் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது?

ஒரே ஈரத் தரையை மூன்று விதமாக நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர் துடைப்பம் போட்டுத் துடைத்துவிட்டு, காய்வதற்குள் மறுபக்கம் போய்விட்டார் என்றால் ஈரத்தை உண்டாக்கியதே கடைதான். ஊழியர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும். கடைக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே அங்கு எழாது. இரண்டாவது, உங்கள் அம்மாவுக்கு முன்னால் போன ஒரு குழந்தை அரை நிமிடத்துக்கு முன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டது என்றால், எவ்வளவு பொறுப்பான கடைக்காரராலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அந்த வழக்கு பெரும்பாலும் தோற்கும். மூன்றாவது, ஃப்ரீசரிலிருந்து மதியம் முதல் சொட்டிக்கொண்டே இருந்தது என்றால், கடைக்குத் தெரிந்திருந்தது, அல்லது ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாமல் இருந்ததும் கவனக்குறைவுதான்.

மூன்று தரைகளும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நேரமும் கடையின் அறிவும் மட்டுமே.

இப்போது அந்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே கனமான சொல் அதுதான். அட்டை தானாக ஃப்ரீசருக்கு அடியில் போய் உட்காராது. பிஸ்கட் பெட்டியையோ எண்ணெய்ப் பெட்டியையோ யாரோ பிரித்து, மடித்து, சரியாகத் தண்ணீர் சொட்டும் இடம் பார்த்துச் செருகியிருக்கிறார்கள். அப்படிச் செருகியவருக்குக் கசிவு தெரியும். அட்டை ஓரம்வரை ஊறி, தண்ணீர் அதைத் தாண்டித் தரைக்கு வந்திருக்கிறதென்றால், அதற்குச் சிறிது நேரமாவது ஆகியிருக்கும். ஆக, கசிவு இருந்ததும், கடைக்குத் தெரிந்திருந்ததும், அவர்கள் எடுத்த நடவடிக்கை போதாததாக இருந்ததும் ஒரே படத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் நம் ஊர்க் கடைகளின் வாசலில் கோணிப்பை விரித்திருப்பார்கள். அதுவே ஊறிச் சொதசொதவென்று ஆன பிறகும் மாற்றாமல் விட்டால், அந்தக் கோணி கடைக்காரரின் கவனத்துக்குச் சாட்சியாக இல்லாமல், ஆபத்து அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிடும். உங்கள் அட்டையும் அப்படித்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் இதற்கு என்ன சொல்வார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை பழைய கசிவுக்கு வைத்தது, அது சரிசெய்யப்பட்டுவிட்டது, அன்றைய தண்ணீர் வேறு என்பார். அதனால்தான் அன்றைய நேரத்தைக் காட்டும் சான்று வேண்டும்.

லிவர்பூலில் சிந்திய யோகர்ட்

இந்த நேரக் கணக்கை விழுந்தவர் எப்படி நிரூபிப்பார்? அவர் கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். இந்தச் சிக்கலை நேராக எடுத்துப் பேசிய ஒரு தீர்ப்பை, அது இங்கிலாந்தினுடையது என்றாலும், உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். 1974 ஜூனில் லிவர்பூலில் உள்ள டெஸ்கோ கடை ஒன்றில் ஒரு பெண்மணி தரையில் சிந்தியிருந்த யோகர்ட்டில் வழுக்கி விழுந்தார். அது எப்போது சிந்தியது என்று அவருக்கும் தெரியாது, கடையும் சொல்லவில்லை. கடையின் வாக்குமூலத்தில் வெளிவந்த விவரங்கள் இவை: வாரத்தில் பத்து முறை போல ஏதாவது சிந்துவது வழக்கம், நாளொன்றுக்கு ஐந்தாறு முறை தரையைப் பெருக்குவார்கள், எதையாவது சிந்தியிருக்கக் கண்ட ஊழியர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு வேறொருவரைச் சுத்தம் செய்ய அழைக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்மணி விழுவதற்கு முன் கடைசியாக எப்போது பெருக்கினார்கள் என்பதற்கு மட்டும் கடையிடம் சான்று இல்லை. போதாக்குறைக்கு, சுமார் மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போன அந்தப் பெண்மணி, சிந்திக் கிடந்த ஆரஞ்சு ரசத்தைக் கால்மணி நேரம் வரை யாரும் கவனிக்காததைத் தம் கண்ணால் பார்த்திருந்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976-இல் பெரும்பான்மைத் தீர்ப்பாக அவர் பக்கம் நின்றது. வாடிக்கையாளர் நடக்கும் தரையில் வழுக்கும் பொருள் கிடப்பது, கடையை நடத்துபவர்கள் சரியாகக் கவனித்திருந்தால் பொதுவாக நேராத ஒன்று. ஆகவே விபத்து தங்கள் கவனக்குறைவால் நேரவில்லை என்று விளக்க வேண்டியது கடையின் பக்கம் என்றார்கள். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். யோகர்ட் விழுந்து சில வினாடிதான் ஆகியிருக்கலாம், எவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தாலும் அந்த விபத்து நேர்ந்திருக்கலாம் என்பது அவர் வாதம். என் சொந்தக் கருத்தில் அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. உங்கள் வழக்கிலும் எதிராளி அதைத்தான் பிடித்துக்கொள்வார். உங்களிடம் அட்டை இருக்கிறது, அந்தப் பெண்மணியிடம் அது இல்லை. வேறுபாடு அங்கேதான்.

வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாம் என்ற அளவில்தான் நிற்கும். ஆனால் இதே தத்துவம் இங்கும் புதிதல்ல. தில்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து விழுந்து உயிர்கள் போன வழக்கில், இப்படிப்பட்ட கட்டடம் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தால் தானாக விழாது, ஆகவே நிகழ்ச்சியே பேசும் என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. அதோடு, ஒருவருக்கு மட்டுமே தனிப்பட்டுத் தெரிந்த விஷயத்தை நிரூபிக்கும் சுமை அவர்மேல்தான் என்ற விதி, பழைய சாட்சியச் சட்டத்திலிருந்து 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்துக்கும் வந்திருக்கிறது. தரையைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள், ஃப்ரீசரை எப்போது பழுதுபார்த்தார்கள் என்பதெல்லாம் கடைக்குத் தெரிந்தவை, உங்கள் அம்மாவுக்குத் தெரிய வழியில்லாதவை.

ஆகவே இன்று நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காப்பாற்றுவது. கேமராப் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பல கடைகளில் அது சில வாரங்களுக்குள் நடந்துவிடும். பன்னிரண்டு நாள் போய்விட்டது. நாள், நேரம், ஃப்ரீசர் இருக்கும் பகுதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, விழுந்ததற்கு முந்தைய நான்கு மணி நேரப் பதிவை அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்று ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். கடைக்கு மின்னஞ்சல் இருந்தால் அதிலும். விழுந்த நிமிடத்தை மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அம்மா விழுந்த காட்சி அல்ல. அதற்கு முன் அந்தத் தரையை யார் யார் தாண்டிப் போனார்கள், எந்த ஊழியர் குனிந்து பார்த்தார் என்ற காட்சி. கடிதம் கைக்குக் கிடைத்த பிறகும் பதிவு அழிந்துபோனால், அது கடைக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம்.

மஞ்சள் பலகை, ஐஸ்கிரீம் கம்பெனி, தேய்ந்த செருப்பு

எச்சரிக்கைப் பலகை இருந்தால் கடை தப்பித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பலகை கடமையை நீக்குவதில்லை. கடமையை நிறைவேற்றும் வழிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஈரத்துக்கு முன்னால், நடந்து வருபவர் கண்ணில் படுமாறு நின்றால்தான் அதற்குப் பயன். பில் போடும் இடத்தில் நிற்கும் பலகை ஃப்ரீசர் அருகே இருக்கும் தண்ணீரைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகையானால், அது உங்கள் அம்மாவுக்கு எச்சரிக்கையா என்ற கேள்வியையும் எழுப்பலாம். கூடவே, பலகை இருந்தது என்று சொல்வதன் மூலம் தரை ஈரமாக இருந்ததைக் கடை ஒப்புக்கொள்கிறது என்பதையும் மேலாளர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஃப்ரீசர் யாருடையது என்பது கடைக்கும் கம்பெனிக்கும் இடையிலான கணக்கு. தரை கடையின் கட்டுப்பாட்டில் இருந்தது. கசிகிற பெட்டியைத் தன் தரையில் ஓடவிட்டதும் கடைதான். வழக்கில் கம்பெனியையும் இரண்டாம் எதிர்வாதியாகச் சேர்க்கலாம், ஆனால் கடையை விட்டுவிட்டுக் கம்பெனியைத் தேடி ஓட வேண்டாம்.

செருப்பு விஷயத்தில் மட்டும் நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. வாதியும் தம் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும். அவருடைய அசட்டையும் விபத்துக்குப் பங்களித்தது என்று நீதிமன்றம் கண்டால், அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும். எண்ணை வைத்துப் பார்ப்போம். மருத்துவச் செலவு 74,000 ரூபாய். பதினாறு வாரம் பீடி சுற்ற முடியாமல் போனால், வாரம் 1,600 வீதம் 25,600. வலிக்கும் வேதனைக்கும் நீதிமன்றம் 50,000 தருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 1,49,600. அம்மாவின் பங்கு ஐந்தில் ஒன்று என்று முடிவானால் 29,920 கழிந்து 1,19,680 ரூபாய் கைக்கு வரும். தேய்ந்த செருப்பு வழக்கைக் கொல்லாது, அதன் எடையைக் குறைக்கலாம். மளிகைக் கடைக்கு நம் ஊரில் எல்லோரும் ரப்பர் செருப்பில்தான் வருகிறார்கள் என்பதைக் கடையும் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற வாதமும் உங்களிடம் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நான் சேர்க்காத ஒன்று எதிர்கால வருமான இழப்பு. பீடி சுற்றுவது மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் நடக்கும் வேலை. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்குவதில் மணிக்கட்டு கொஞ்சம் விறைத்துப்போனாலும் ஒரு நாளைக்குச் சுற்றும் கணக்கு சரிந்துவிடும். மருத்துவர் சான்றில் குறைபாடு பத்து சதவீதம் என்று இருக்கலாம். வருமான இழப்பு அதே பத்து சதவீதம்தான் என்பதில்லை. வாகன விபத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடலாம், அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம் என்றது. ஆகவே அம்மாவின் பீடிக் கணக்குப் புத்தகத்தை, விபத்துக்கு முந்தைய ஓராண்டுப் பக்கங்களோடு பத்திரப்படுத்துங்கள். எலும்பு கூடி, பயிற்சிகள் முடிந்து, இதற்கு மேல் முன்னேற்றம் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு குறைபாட்டுச் சான்று வாங்குங்கள். இதனால்தான் 5,000 ரூபாய்த் தாளில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறேன். அதில் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும், கை எவ்வளவு தேறும் என்பது இன்னும் மருத்துவருக்கே தெரியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால், "மருத்துவச் செலவில் ஒரு பகுதியாக, எங்கள் மற்ற உரிமைகளுக்கு ஊறின்றி" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். அப்படித் தர மறுத்தால், அந்தத் தாள் எதற்கானது என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

எங்கே போவது?

நுகர்வோர் ஆணையம் எளிதாகத் தோன்றும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்குள் கவனக்குறைவையும் சேர்த்திருக்கிறது, இரண்டாண்டுக்குள் மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர்தான் அங்கே நுகர்வோர். கூடையில் எடுத்து வைத்திருந்ததே போதும் என்று வாதாடலாம் என்றாலும், வழக்கின் முதல் ஓராண்டு அந்த ஒரு கேள்வியிலேயே போய்விடும் ஆபத்து இருக்கிறது. உங்கள் நிலையில் நான் உரிமையியல் நீதிமன்றத்தையே தேர்ந்தெடுப்பேன். அதற்கு மூன்றாண்டுக் காலக்கெடு; கோரும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நீதிமன்றக் கட்டணம்.

அதற்கும் முன் ஒரு வக்கீல் நோட்டீஸ். அதோடு, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கவும் அங்கே வழியுண்டு. லோக் அதாலத்தில் முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் அங்கும் தொகையை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. காவல் நிலையப் புகாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் யாராவது சொல்வார்கள். எலும்பு முறிவு கொடுங்காயம் என்ற வகையில் புகார் கொடுக்க இடமுண்டு. ஆனால் குற்ற வழக்குக்கு வேண்டிய அலட்சியம் இதைவிடக் கடுமையானது, அதில் இழப்பீடு முதன்மையும் அல்ல.

மருத்துவமனைப் பதிவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அனுமதித்த அன்று எழுதிய குறிப்பின் நகலையும், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு இருந்தால் அதன் நகலையும் இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். அவசரத்தில் கேட்பவர் "எப்படி விழுந்தார்?" என்று கேட்டு "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருப்பார், சில சமயம் "வீட்டில்" என்றுகூட எழுதிவிடுவார். நான் பார்த்த வழக்குகளில் நல்ல வழக்கு ஒன்று அந்த ஒரு சொல்லில் தடுமாறியிருக்கிறது. தவறு இருந்தால் எழுத்து மூலம் உடனே திருத்தக் கேளுங்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாமல், எடுத்த நேரம் பதிந்திருக்கும் மூலக் கோப்பை அந்த ஃபோனிலேயே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழ் ஒன்றையும் நீங்கள் இணைக்க வேண்டியிருக்கும்.

அந்தச் செருப்பையும் எறிந்துவிட வேண்டாம். கழுவாமல் ஒரு துணிப்பையில் கட்டி வையுங்கள். அடிப்பாகத்தில் வரிகள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பதை எதிராளியின் வக்கீல் வாயால் சொல்வதைவிட, நீதிபதி கண்ணால் பார்ப்பது உங்கள் அம்மாவுக்கு நல்லது.